கூரை போடுகிற மிஷின்

புதுச்சேரி சாரம் பகுதியில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்த டீச்சர் எனக்கு ஆள் அனுப்பினால் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, பரீட்சை நெருங்கியிருக்கும். எல்லா மிஷினுக்கும் எண்ணெய் போட வேண்டும். இன்னொன்று, என்னைக் கேட்காமல் எதையாவது வாங்கி ஏமாந்திருப்பார். எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம் வந்த அழைப்பு இரண்டாவது ரகம்.

அப்போது டவுனில் எனக்கு டைப்ரைட்டர் ரிப்பேர் கடை இருந்தது. ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, சுவர் முழுக்க செத்த மிஷின்களிலிருந்து கழற்றிய உறுப்புகள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் வந்தார்கள், வேறு வழி இல்லாததால்.

டீச்சர் வாங்கியிருந்தது கையில் தூக்கிப் போகிற சின்ன மிஷின். வகுப்புக்குப் பெரிய மிஷின்தான் லாயக்கு. பத்துப் பிள்ளைகள் மாறி மாறித் தட்டினால் சின்னது ஆறு மாதத்தில் படுத்துவிடும். அதைச் சொன்னதற்கு, பழைய சாமான் கடை பாய் மலிவாகக் கொடுத்தார் என்றார். மலிவாகக் கிடைக்கிறதென்று மாட்டு வண்டியை வாங்கி பஸ் ஓட்டுவீர்களா என்று கேட்டேன். அவர் அதற்கெல்லாம் அசரவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, அந்த மிஷினில் பிள்ளைகள் உட்கார மறுக்கிறார்கள் என்றார்.

நடந்தது இதுதான். ஒரு பெண் கணக்கு அட்டவணை அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டரை என்று அடிக்க வேண்டிய இடம். இரண்டை அடித்துவிட்டு, ‘அரை’ என்று மேலே குறித்திருந்த கீயைத் தட்டியிருக்கிறாள். அரை விழவில்லை. காகிதத்தில் சின்னதாக ஒரு கூரை விழுந்தது. கூரைக்குக் கீழே ஒன்றும் இல்லை. காகிதத்தை ஏந்தி நகர்கிற கேரேஜும் நகரவில்லை. பயந்துபோய் அடுத்த எழுத்தைத் தட்டினால், அது சரியாக அந்தக் கூரைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. யாரோ பக்கத்தில் இருந்து அடிக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான், ஜன்னலோரம் வைத்திருந்த அந்த மிஷின் பேய் மிஷின் ஆகிவிட்டது.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். மத்தியான வெயிலில் வகுப்பு காலி. மூடி போட்ட மிஷின்கள் வரிசையாக இருந்தன. முதலில் எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கேரேஜ் ஒழுங்காக ஓர் இடம் நகர்ந்தது. பிறகு அந்த அரைக் கீயைத் தட்டினேன். கூரை விழுந்தது. மிஷின் அப்படியே நின்றது.

பழுதான மிஷின் நிற்பது வேறு. அது திணறும், அல்லது உள்ளே பல் வழுக்கும் சத்தம் கேட்கும். இது திணறவே இல்லை. கூரையைப் போட்டுவிட்டு, கீழே வரவேண்டிய எழுத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது. எத்தனையோ வருஷமாக மிஷின்களோடு மல்லுக்கட்டியவன் நான். அன்றைக்குக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இருமினேன். கடைக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மிஷினின் நெற்றியில் இருக்கும் பேட்ஜைப் படித்துவிட்டு, கை தானாக அந்தக் கம்பெனியின் ஸ்குரூடிரைவரைத் தேடும். இதன் பேட்ஜ் ஊரறிந்த ஆங்கில மிஷினுடையது. அந்த நம்பிக்கையில் அரை நாள் வீணாக்கினேன். அந்தக் கம்பெனி மிஷினில் எந்த இடத்தில் திருகாணி இருக்குமோ அந்த இடத்தில் இதில் திருகாணி இல்லை. அப்புறம்தான் பேட்ஜை மறந்துவிட்டு உடம்பைப் பார்த்தேன். அந்தக் கம்பெனியின் சின்ன மிஷினுக்குத் தோள் சதுரமாக இருக்கும். இதற்குத் தோள் உருண்டை. முன்பக்கம் வழவழவென்று சரிந்து கீ வரிசைக்கு இறங்கியது. தலை ஒருத்தனுடையது, உடம்பு இன்னொருத்தனுடையது.

பேட்ஜை நெம்பினேன். பெயிண்ட் அடித்தவன் சோம்பேறி. பேட்ஜ் மறைத்துவிடும் என்று அந்த இடத்தை மட்டும் பூசாமல் விட்டிருந்தான். மிஷின் முழுவதும் கறுப்பு; பேட்ஜுக்கு அடியில் மட்டும் பழைய பச்சை. அந்தப் பச்சையின் நடுவில் நீள்வட்டமாக ஒரு தடம், வெளிச்சம் படாத நிறத்தில். பழைய பேட்ஜ் உட்கார்ந்திருந்த இடம். அதன் இரண்டு ஓரத்திலும் ஆணித் துளை. அந்த நீள்வட்டத்தையும் உருண்டைத் தோளையும் சேர்த்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில் அவன் ஊரிலிருந்து வந்த மாடல். புதுச்சேரியில் மெக்கானிக்காக இருந்துகொண்டு இதை அடையாளம் தெரியவில்லை என்றால் வெளியே சொல்ல முடியாது.

அதற்கப்புறம் கீக்களைப் பார்க்கப் பார்க்க மிஷின் தானே பேசியது. பிரெஞ்சு மிஷினில் மேல்வரிசை ஏ, இசட் என்று தொடங்கும்; ஆங்கில மிஷினில் அந்த இடத்தில் க்யூ, டபிள்யூ. பிரெஞ்சில் எம் எழுத்து எல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். எண்களை ஷிப்ட் அமுக்கித்தான் அடிக்க வேண்டும். இதை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டுமென்றால், கீயின் மேல்மூடியை மாற்றினால் போதாது. உள்ளே, எழுந்து காகிதத்தில் அடிக்கிற கம்பியான டைப் பாரின் நுனியில் ஈயம் வைத்து ஒட்டிய எழுத்துகளையும் பிடுங்கி இடம் மாற்ற வேண்டும். மாற்றியிருந்தார்கள். ஏ, க்யூ, இசட், டபிள்யூ, எம், எண் வரிசை எல்லாவற்றிலும் புது ஈயம் பளபளத்தது. எண்கள் வேறு ஏதோ மிஷினிலிருந்து வந்தவை. மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் கொழுத்திருந்தன. கூரை போடுகிற அந்த ஒரு டைப் பாரில் மட்டும் கம்பெனி வைத்த பழைய ஈயம் அப்படியே இருந்தது.

அது பேயும் இல்லை, பழுதும் இல்லை. ஒவ்வொரு டைப் பாரும் எழும்போது கீழே ஒரு பட்டையைத் தள்ளும். பட்டை அசைந்தால்தான் கேரேஜ் நகரும். இந்தப் பாரில் மட்டும் பட்டையைத் தொடுகிற மூக்கு கிடையாது. பிரெஞ்சு எழுத்துகள் சிலவற்றுக்குத் தலையில் கூரை வேண்டும், சிலவற்றுக்கு இரட்டைப் புள்ளி. முதலில் கூரையை அடித்துவிட்டு, மிஷின் நகராமல் நிற்கும்போதே எழுத்தை அதன் கீழ் அடிப்பார்கள். அதற்கென்றே படைத்த கீ அது. ஆங்கில மிஷினிலிருந்து எடுத்த மேல்மூடிகளைப் பொருத்தியபோது, மிஞ்சிய ‘அரை’ மூடியை அதன் தலையில் வைத்திருக்கிறார்கள்.

பெருமையாக இருந்தது. மறுநாள் டீச்சரிடம் போய் அளக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அந்தப் பெண் கடைக்கு வந்துவிட்டாள். இரண்டரை அடித்த அதே பெண். கூடவே அவளுடைய அம்மா.

அம்மாவுக்கு மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை. வீடு ரெட்டியார்பாளையத்தில். ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே வரவில்லை. மேஜை மேல் மிஷின் திறந்து கிடப்பதை ஓரக்கண்ணால் பார்த்ததும், பெஞ்சில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கடைசிவரைக்கும் திரும்பவில்லை. தெருவோடு பேசுவதுபோலத்தான் என்னிடம் பேசினாள்.

அவளுடைய வீட்டுக்காரர் பென்ஷன் வாங்கும் சொல்தாக்களுக்குப் பிரெஞ்சில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த கிழவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்கள் இவரை ஐயா என்பதற்குப் பதிலாகப் பிரெஞ்சில் மிசியே என்று கூப்பிடுவார்களாம். பெண் மூன்றாவது படிக்கும்போது ஒருநாள் காலையில் மிஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. அதற்கு அடுத்த வாரம் தேங்காய்த்திட்டுப் பக்கம் அடையாளம் தெரியாத ஓர் உடல் கரை ஒதுங்கியது. அதுதான் அவர் என்று அவருடைய அண்ணன் சொன்னார். இவள் போய்ப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து இவளுக்கு ஒரே பேச்சு. அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் ஏறவே இல்லை. ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த பேச்சு.

“சாவப் போறவன் மிஷினைத் தூக்கிகினா போவான்? பொழைக்கத்தான போயிருக்காரு. எங்கயோ மாட்டிகினு வரமுடியாம கெடக்காரு.”

ஊரார் ஒருவருக்கும் இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் தாலி கழுத்தில் இருந்தது. இப்போது பெண்ணுக்கு நல்ல இடத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள். பத்திரிகையில் அப்பா பெயரை எப்படிப் போடுவது என்பதில் எல்லாம் நிற்கிறது. பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ போட வேண்டும், அதற்கு முன் கருமாதியைச் செய்து முடிக்க வேண்டும் என்கிறார் அண்ணன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இரண்டில் ஒன்று தெரிய வேண்டும். ஆள் இல்லாமல் கருமாதி செய்வதும் கண்டதுதான். வைக்கோலில் உருவம் கட்டி எரித்துவிடுவார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனை எரிக்கச் சொல்கிறார்களே என்று இவள் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் பெண் வீட்டுக்கு வந்து, கூரை போடுகிற மிஷின் என்று சொல்லியிருக்கிறாள். இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ராத்திரியில் அவர் அடித்து முடித்த காகிதங்களில் எழுத்துகள் மேல் சின்னச் சின்னக் கூரை இருக்கும் என்பது தெரியும். கேட்டதற்கு, பிரான்சில் மழை அதிகம், எழுத்துக்கும் கூரை வேண்டும் என்று அவர் விளையாட்டாகச் சொன்னாராம்.

இது அவர் மிஷின் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறாள். மிஷின் இங்கே இருக்கிறதென்றால் அவர் கையில் இல்லை என்று அர்த்தம். மிஷின் அவர் கையில் இல்லையென்றால், அவள் இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பும் போச்சு.

எனக்கு இந்த மாதிரி சமாச்சாரமெல்லாம் ஆகாது. மிஷின் பேசினால் கேட்பேன். மனுஷர்கள் அழுதால் எங்கே பார்ப்பதென்று தெரியாது. அதனால் எரிச்சலோடு சொன்னேன், இந்த மாடலில் புதுச்சேரிக்கு எத்தனையோ வந்தது, எது யாருடையதென்று எப்படிச் சொல்வது, நம்பர் தெரியுமா என்று. தெரியாது என்றாள். அப்படியானால் முடியாது என்றேன். எழுந்து போய்விடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவள் எழவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே அந்த மிஷினைச் சொல்லத் தொடங்கினாள். பச்சை நிறம், பாசி மாதிரி. நெற்றியில் முட்டை வடிவத்தில் ஒரு வில்லை. ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்து அந்த வில்லையில்தான் சந்தனமும் குங்குமமும் வைப்பாளாம். வேறு இடத்தில் வைத்தால் உள்ளே சிந்தும் என்று அவர் கத்துவாராம். நான் கருவிழியை மட்டும் உருட்டி மேஜையைப் பார்த்தேன். அந்த ஆணித் துளைகளில் ஏதோ அடைத்திருந்தது. துரு என்று நினைத்திருந்தேன். ஊசியை விட்டுக் கிளறினேன். சிவப்பாகத் தூள் உதிர்ந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். துரு அப்படித் தேயாது.

என்றாலும் நம் ஊரில் யார்தான் மிஷினுக்குக் குங்குமம் வைக்கவில்லை? அதையும் அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். பிறகு, பின்பக்கம் இடது கால் ரப்பர் விழுந்துவிட்டது, மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது போட்ட ஊசி மருந்து புட்டியின் ரப்பர் மூடியை அங்கே செருகினார், அதை அவளே வெந்நீரில் கழுவிக் கொடுத்தாள் என்றாள்.

நான் அதுவரை மிஷினைக் கவிழ்த்துப் பார்க்கவே இல்லை. கவிழ்த்தேன். மூன்று கால்களில் ஒரே மாதிரி ரப்பர். பின்பக்கம் இடது காலில் பொடியாக, சாம்பல் நிறத்தில், நடுவில் ஊசி குத்திய துளைகளோடு ஒரு மூடி. பெண்தான் என் முகத்தைப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை. மிஷினைக் கவிழ்த்த சத்தமும் அதற்கப்புறம் நான் பேசாமல் இருந்ததும் அவளுக்குப் போதும்.

இதை அவரிடமிருந்து யாராவது பிடுங்கியிருப்பார்களா என்று கேட்டாள். அவரை அடித்துப் போட்டுவிட்டு எடுத்துப்போய், அடையாளம் தெரியாமலிருக்கப் பெயிண்ட் அடித்து விற்றிருப்பார்களா. அவள் கேட்டது கருமாதி செய்வதற்கு ஒரு காரணத்தைத்தான். அப்படித்தான் என்று நான் சொல்லியிருந்தால் அவள் அழுதுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள்.

நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் மிஷினை நிமிர்த்தினேன். நிமிர்த்தும்போது ஸ்பேஸ் பாரில் வெளிச்சம் விழுந்தது. கீ வரிசைக்குக் கீழே இருக்கும் அந்த நீளக் கட்டையையும் கறுப்பாகப் பூசியிருந்தார்கள். அதில் ஓரிடத்தில் மட்டும் கறுப்பு தேய்ந்து, அடியில் இருந்த பச்சையும் தேய்ந்து, இரும்பு தெரிந்தது. பெரும்பாலானவர்கள் வலது கட்டைவிரலால்தான் அதைத் தட்டுவார்கள். தேய்வும் வலப்பக்கம்தான் இருக்கும். இது இடப்பக்கம் தேய்ந்திருந்தது. இன்ஸ்டிட்யூட் பிள்ளைகள் சில வாரம் தட்டியதால் வருகிற தேய்வு இல்லை. வருஷக்கணக்காக ஒரே விரல் ஒரே இடத்தில் தட்டி வந்தது.

உங்கள் வீட்டுக்காரருக்கு எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டேன்.

“எடக்கைதான். சோறு மட்டும் சோத்தாங்கையில சாப்புடுவாரு.”

எனக்கு விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம். கறுப்புப் பெயிண்ட் தேய்ந்திருக்கிறதென்றால், கறுப்புப் பூசியதற்கு அப்புறமும் அந்தக் கை அதைத் தட்டியிருக்கிறது. ‘அரை’ மூடியைப் பார்த்தேன். ஆங்கிலம் அடிக்கிறவன் அரையைத் தட்டுவது அமாவாசைக்கு ஒருமுறை. இந்த மூடி, ஆங்கிலத்தில் அதிகம் அடிபடும் ‘ஈ’ எழுத்தின் மூடிக்குச் சமமாக வழவழத்துக் கிடந்தது. மாற்றிக் கொடுத்த மெக்கானிக்கிடம், மற்றதையெல்லாம் மாற்று, இதை மட்டும் தொடாதே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆங்கில மனு அடித்தால்தான் சோறு கிடைக்கும் என்ற ஓர் ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு, தேடிவரும் சொல்தாக்களுக்காக அந்த ஒரு கீயை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டவர் ஒருவர்தான் இருக்க முடியும். திருடன் இதைச் செய்யமாட்டான்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாததால், மிஷினைப் பற்றி எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன். அவர் சாகவில்லை. மிஷினை அவரேதான் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்ற வைத்திருக்கிறார். அதற்கப்புறம் பல வருஷம் அவரே உட்கார்ந்து அடித்திருக்கிறார்.

பெண் சட்டென்று அம்மாவின் தோளைப் பிடித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று ஒருத்தன் அடித்துச் சொல்லிவிட்டானே. அம்மாவும் சந்தோஷப்படுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சிரித்த அவளுடைய பேச்சு ஜெயித்துவிட்டது. அவளோ, பாய் இதை எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார் என்று மட்டும் கேட்டாள். விழுப்புரத்துக் கடை ஒன்றிலிருந்து பாய் வாங்கி வந்ததை டீச்சர் சொல்லியிருந்தார். சொன்னேன்.

ரெட்டியார்பாளையத்தில் அவள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் விழுப்புரம் பஸ் எல்லாம் போகும்.

“மாட்டிகினு கெடக்காருன்னுல்ல நெனச்சேன்” என்றாள். தெருவில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா போவதை அது திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, முந்தானையை உதறி, முதல்முறையாகக் கடைக்குள் திரும்பினாள். மிஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவர் கை பட்டது ஏதாவது ஒன்று கழற்றித் தர முடியுமா என்று கேட்டாள்.

எதற்கென்று நான் கேட்கவில்லை. அந்த ‘அரை’ மூடியை நெம்பி எடுத்துக் கொடுத்தேன். டீச்சருக்கு வேறு மூடி போட்டுத் தந்துவிடலாம். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பெண் அழுதுகொண்டே பின்னால் போனாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் அண்ணன்காரர் கடைக்கு வந்து கருமாதிக்குச் சொல்லிவிட்டுப் போனார். தம்பி சம்சாரம் எப்படியோ மனசு மாறிவிட்டாள், அவளே செய்துவிடலாம் என்று சொன்னாள், உங்களைக் கட்டாயம் கூப்பிடச் சொன்னாள் என்றார். அவருக்கு விஷயம் தெரிந்த மாதிரி இல்லை. அவள் சொல்லவில்லை. பெண்ணும் சொல்லவில்லை.

கருமாதிக்கு முன்னால் உருவம் எரித்த அன்றைக்கும் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. காலை நேரம், கடற்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. வைக்கோலில் ஓர் ஆள் நீளத்துக்கு உருவம் கட்டி, வேட்டி சுற்றி, பாடையில் கிடத்தியிருந்தார்கள். முகம் கிடையாது, முகம் இருக்கிற இடத்தில் ஒரு துணி முடிச்சு. அவள் நேரே போய், முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த மூடியை எடுத்து உருவத்தின் இடது கைக்குள் செருகினாள். வைக்கோல் கைக்கு விரல் ஏது? கைபோல ஒரு கற்றையைப் பிரித்து, உள்ளே தள்ளி, மறுபடி மூடினாள். தூங்குகிற பிள்ளையின் கையில் எதையோ கொடுக்கிற மாதிரி மெதுவாகச் செய்தாள். நெருப்பு பிடித்ததும் வைக்கோல் நிமிஷத்தில் போய்விட்டது. அப்போது அந்தக் கை நெருப்பின் இழுப்பில் ஒருமுறை எழுந்து விழுந்தது. வைக்கோல் அப்படித்தான் செய்யும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்று முழுக்க நான் ஒரு மிஷினையும் தொடவில்லை.

பதினாறாம் நாள் தாலியைக் கழற்றினார்கள். சாப்பாட்டில் எதுவும் குறை வைக்கவில்லை. பந்தியில் அவளே வந்து எனக்கு இன்னொரு வடை வைத்தாள். பத்திரிகையும் அச்சாகிவிட்டது என்றாள்.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம், தெருவில் ஈ காக்கை இல்லை. பாய் அனுப்பினார் என்று ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். மெலிந்த ஆள், தோய்த்து மடித்த சட்டை, கையில் குடை. நீண்ட நாள் ஜுரத்தில் படுத்துவிட்டதாகவும் அந்தச் சமயத்தில் மிஷினை விற்க வேண்டிவந்ததாகவும் சொன்னார். அது இந்த ஊருக்குத்தான் வந்தது என்று விழுப்புரம் கடைக்காரன் சொன்னானாம். யார் வாங்கியிருந்தாலும் விலை கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு மிஷின், ஆங்கிலப் பேட்ஜ்தான், ஆனால் தோள் உருண்டையாக இருக்கும் என்றார். நல்ல மரியாதையான பேச்சு.

“அரைன்னு போட்ட கீ தட்டினா நகராது. அதப் பழுதுன்னு நெனச்சி யாரும் சரிபண்ணிடலியே?” என்றார். அந்த ஒரு கவலைதான் அவர் முகத்தில் இருந்தது.

குடையை அவர் இடது கையில் பிடித்திருந்தார். அந்தக் கை எரிந்து விழுந்ததை நான் பார்த்திருந்தேன். பயமா, கோபமா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. ரெட்டியார்பாளையத்தைத் தாண்டித்தான் பஸ்ஸில் வந்திருக்கிறார். அந்த வாசலில் இறங்காமல் மிஷினைத் தேடி இங்கே வந்திருக்கிறார். வீட்டைப் பற்றிக் கேட்பாரா என்று காத்திருந்தேன். மிஷினைப் பற்றியே மறுபடி கேட்டார்.

“ரெட்டியார்பாளையத்து மிஷின்காரரு செத்துட்டாருங்க” என்றேன். “போன மாசம் கருமாதி முடிஞ்சிது. நானே போய் சாப்ட்டு வந்தேன்.”

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“நல்லா செஞ்சாங்களா?” என்று கேட்டார்.

குறை ஒன்றும் வைக்கவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்து போனார்.